2000-ஆம் ஆண்டிலிருந்து வந்த ஸ்கேன்: தேதி தவறிய மின்னஞ்சலைத் தேடிப் பிடித்த கதை

ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் கணினிகளையும் மின்னஞ்சலையும் நான் பராமரிக்கிறேன். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர், பில்களை நகல் இயந்திரத்தில் ஸ்கேன் செய்து அங்கிருந்தே மின்னஞ்சலாக அனுப்புவார். 2025 ஜூன் மாதம் அவர் ‘அனுப்பிவிட்டேன்’ என்பதும், எங்கள் ஊழியர் ‘வரவில்லை’ என்பதுமாகவே இருந்தது. ஸ்பேம் ஃபோல்டரிலும் எதுவும் இல்லை. ஆனால், அதே கணக்கைக் கைப்பேசியில் ஜிமெயில் செயலியில் திறந்தால், அந்த மெயில் அன்றைய வரிசையில் முதலாவதாகவே தெரிந்தது.

ஒரே மெயில் ஒரு திரையில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்றால், அது தொலைந்துபோகவில்லை. வரிசையில் வேறிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. மேசைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை வைத்திருக்கிறோம். இன்பாக்ஸில் படிக்காத மெயில்களின் எண்ணிக்கை காட்டப்பட்டிருந்தும் மேலே படிக்காத கடிதம் எதுவும் கண்ணில் படவில்லை. இது நம்பகமான அடையாளம். படிக்காதவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியை அழுத்தியதும் அந்த ஸ்கேன் வந்து நின்றது. தேதி: 01-01-2000, காலை 6:47. பட்டியலின் கடைசி வரை உருட்டிப் பார்த்தால், அதே அனுப்புநரின் வேறு சில மெயில்களும் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. எல்லாமே 2000 ஜனவரி 1.

‘Repair Folder’ கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஊழியர் சொன்னார். ஆகாது. அது ஃபோல்டரின் அட்டவணைக் கோப்பைத்தான் புதிதாகக் கட்டுகிறது. தவறான தேதி மெயிலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்போது, எத்தனை முறை கட்டினாலும் அதே தேதிதான் திரும்பி வரும். எனவே மெயிலைத் திறந்து Ctrl+U அழுத்தி, அதன் மூல உரையைப் பார்த்தேன். சர்வர் பெயர்களை மாற்றித் தருகிறேன், நேரங்கள் அப்படியே:

```
Received: from out.example.com (out.example.com [192.0.2.25])
    by mx.example.net with ESMTPS;
    Fri, 06 Jun 2025 11:42:19 +0530
Date: Sat, 01 Jan 2000 01:17:45 +0000
```

இதில் இரண்டு கடிகாரங்கள் பேசுகின்றன. `Date` வரியை எழுதுவது அனுப்பும் கருவி. இங்கே அது நகல் இயந்திரம். `Received` வரியை எழுதுவது கடிதத்தைக் கைமாற்றிக்கொள்ளும் சர்வர். வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் தன் வரியை ஏற்கெனவே உள்ளவற்றுக்கு மேலே சேர்க்கிறது. ஆகவே, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் `Received` வரியே நம் பக்கத்துச் சர்வர் போட்ட முத்திரை. அதன் நேரத்தைத்தான் நம்பலாம். கீழே போகப் போக அனுப்புநரின் பக்கத்துச் சர்வர்கள் வரும்.

சர்வர் ஏன் இதைத் திருத்தவில்லை என்று வாடிக்கையாளர் கேட்டார். `Date` வரியே இல்லாமல் வந்தால் சில சர்வர்கள் ஒன்றைச் சேர்க்கும். ஆனால், எழுதும் முறைப்படி சரியாக இருக்கும் ஒரு தேதியை, அது இருபத்தைந்து ஆண்டுகள் பின்தங்கி இருந்தாலும், தொடுவதில்லை. கடிதத்தில் எழுதிய தேதி எழுதியவருக்குச் சொந்தம் என்பதே மரபு. ஸ்பேம் வடிகட்டிகள் மட்டும் இதைச் சந்தேகத்தோடு பார்க்கும். ஸ்பேம்அசாசின் மென்பொருளில் `DATE_IN_PAST_96_XX` என்றே ஒரு விதி இருக்கிறது: `Date` வரி, பெற்ற நேரத்தைவிட 96 மணி நேரமோ அதற்கு மேலோ பின்தங்கியிருந்தால் புள்ளி ஏறும். ஆகவே இப்படிப்பட்ட மெயில் ஸ்பேமுக்குப் போகாமல் இன்பாக்ஸுக்கு வந்ததே எங்கள் அதிர்ஷ்டம்.

கைப்பேசியில் சரியாகத் தெரிந்த காரணமும் இதிலேயே இருக்கிறது. ஜிமெயில் ஒவ்வொரு கடிதத்துக்கும் உள் தேதி ஒன்றை வைத்துக்கொள்கிறது. வழக்கமாக வந்து சேரும் கடிதத்துக்கு அது கூகுள் சர்வர் அதை ஏற்றுக்கொண்ட நேரம். தண்டர்பேர்ட் பட்டியலின் `Date` நிரலோ கடிதத்தில் எழுதிய தேதியையே எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. நேற்று இரவு எழுதி, சர்வர் கோளாறால் இன்று மதியம் வந்த கடிதத்துக்கு, எழுதிய நேரத்தைத் தெரிந்துகொள்வதுதான் பயன். அனுப்புநரின் கடிகாரம் கெட்டிருக்கும்போது மட்டும் அந்த நியாயம் கவிழ்ந்துவிடுகிறது.

அந்தத் தலைப்பு வரிகளை நான் இன்னும் கொஞ்சம் கிளறினேன். 2000 ஜனவரி 1, நள்ளிரவு 00:00 என்பது அந்த இயந்திரத்துக் கடிகாரத்தின் பிறந்த நேரம். நினைவு அழிந்ததும் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். மெயிலின் `Date` வரியில் 01:17:45 என்று இருக்கிறது; அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்து ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித்தான் தண்டர்பேர்ட் 6:47 என்று காட்டியது. அதாவது, மின்சாரம் கிடைத்து ஒரு மணி பதினேழே முக்கால் நிமிடம் ஆகியிருக்கிறது. எங்கள் சர்வர் வாங்கிய நேரம் 11:42:19. கழித்தால் 10:24:34. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, ‘வெள்ளிக்கிழமை காலை பத்தே கால், பத்தரை மணி வாக்கில் கரண்ட் வந்ததா?’ என்று கேட்டேன். ‘இல்லை சார், நாங்கள் இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவோம். அன்றைக்குக் கதவு திறக்கவே பத்து இருபது ஆகிவிட்டது’ என்றார்.

அவர்கள் அலுவலகம் திறந்த நேரம் எங்கள் இன்பாக்ஸில் பதிவாகியிருந்தது. அடியில் கிடந்த மற்ற மெயில்களிலும் இதே கதைதான். எல்லாவற்றிலும் தேதி ஜனவரி 1. எதிலும் ஜனவரி 2 இல்லை. இதுதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. கடிகாரத்தில் தேதி வைக்க மறந்ததுதான் குறை என்றால், 1, 2, 3 என்று நாள் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஜனவரி 1-க்கே திரும்புகிறது என்றால், மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். அதனால், அந்த மெயில்கள் தங்களுக்குள்ளும் தாறுமாறாக அடுக்கப்பட்டிருந்தன. திங்கட்கிழமை மாலை அனுப்பியது செவ்வாய்க்கிழமை காலை அனுப்பியதற்கு மேலே இருந்தது. காரணம், வரிசை நாளைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைத்தான் பார்த்தது.

இப்படி ஆண்டுக்கணக்கில் தவறும் மெயில்கள் பெரும்பாலும் மனிதர் உட்காரும் கணினியிலிருந்து வருவதில்லை. கணினியின் கடிகாரம் 2000-க்குப் போய்விட்டால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று தோன்றும். மெயில் மென்பொருள் இணைய மறுக்கும், வலைத்தளங்களும் திறக்காது. அதற்குரியவர் அரை மணி நேரத்தில் கவனித்துவிடுவார். நகல் இயந்திரம், கண்காணிப்பு கேமராவின் பதிவுப் பெட்டி போன்ற கருவிகளில் பல, சான்றிதழின் தேதியைச் சரிபார்க்காமலே மெயிலைத் தள்ளிவிடுகின்றன. அதனால் அவற்றின் கடிகாரம் கெட்டது யாருக்கும் தெரிவதில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் தவறியிருந்தால் நான் முதலில் கேட்பது: ‘இதை எந்தக் கருவி அனுப்பியது?’

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது எளிது. தண்டர்பேர்டில் பட்டியல் அட்டைகளாகத் தெரிந்தால், முதலில் `Table View`-க்கு மாற்ற வேண்டும். நிரல் தலைப்புகளின் வலது ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் நிரல்களின் பட்டியல் விரியும். அதில் `Received` என்பதைச் சேர்த்து, அதன் தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்தினேன். 2000-ஆம் ஆண்டு மெயில்கள் அடியிலிருந்து எழுந்து, ஜூன் மாத மெயில்களுக்கு நடுவே தத்தம் இடத்தில் போய்ப் பொருந்தின. அதே பட்டியலில் `Order Received` என்று ஒன்றும் உண்டு. அது கடிதங்கள் அந்த ஃபோல்டருக்குள் விழுந்த வரிசை எண். பழைய கடிதங்களை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அந்த எண் புதிதாகிவிடும். எனவே `Received` நிரலையே வைத்துக்கொண்டேன். அனுப்பியவை இருக்கும் ஃபோல்டரை மட்டும் பழையபடி `Date` வரிசையில் விட்டேன். நாம் அனுப்பி வைத்துக்கொண்ட பிரதியில் `Received` வரி இருக்காது.

அடுத்தது அவர்கள் பக்கம். பேட்டரியை மாற்ற மெக்கானிக் வரும்வரை, காலையில் இயந்திரத்தைப் போட்டதும் பேனலில் தேதியை வைக்கும்படி சொன்னேன். திங்கட்கிழமை காலை அவர் தேதி வைத்தார். பின்னர் ஒரு ஸ்கேன் அனுப்பினார். இம்முறை அது எங்கள் ஊழியரின் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்தது. அவர் திரையில் இன்னும் பழைய `Date` வரிசைதான் இருந்தது. காட்டிய தேதி: 06-09-2025, மாலை 4:28. அன்று ஜூன் 9, காலை பதினொன்றுகூட ஆகவில்லை.

```
Received: ... Mon, 09 Jun 2025 10:58:41 +0530
Date: Sat, 06 Sep 2025 10:58:03 +0000
```

இந்த ஒரே வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, நாளும் மாதமும் இடம் மாறியது. பேனல் மாதத்தை முதலில் கேட்கிறது. அவர் நம் வழக்கப்படி 09/06 என்று வைத்தார். இயந்திரம் அதைச் செப்டம்பர் 6 என்று எடுத்துக்கொண்டது. மாதத்தின் 12-ஆம் தேதி வரை இந்தப் பிழை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நுழைந்துவிடும். 13-ஆம் தேதி முதல் இயந்திரமே ஏற்றுக்கொள்ளாது.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. மணி 10:58 என்பது நம் சுவர்க் கடிகாரத்து மணிதான். ஆனால், அதன் பின்னால் உள்ள `+0000`, ‘இது கிரீன்விச் நேரம்’ என்கிறது. படிக்கும் கணினி அதை நம்பி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, 16:28 என்று காட்டுகிறது. நேர மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் சரிசெய்தால் இதுதான் நடக்கும். பேனலில் மணி சரியாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை; ஆனால், அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்துக்குப் போய்விடும். காலையில் வந்தது மாலை வரை மேலேயே இருக்கும்.

உச்சியில் ஒட்டிக்கொள்ளும் மெயிலால், அடியில் மறையும் மெயிலைவிடத் தொல்லை குறைவு என்று தோன்றலாம்; கண்ணில் படுகிறதே! ஆனால், அது செப்டம்பர் 6 வரை இறங்காது. அதற்குக் கீழே வரும் புதிய மெயில்களை ஊழியர் கவனிக்காமல் விடும் ஆபத்து உண்டு. தொடர் உரையாடலாக அடுக்கும் பார்வையில், அந்த ஒரு மெயில் இருக்கும் உரையாடல் முழுவதும் மேலே நிற்கும். நாங்கள் எழுதும் பதில்களின் தேதி சரியாக இருந்தாலும் அது கீழே வராது.

அன்று மாலை வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அவர்களுடைய கணினியின் பிரௌசரில் இயந்திரத்தின் ஐ.பி. முகவரியைத் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். முதலில் நேர மண்டலத்தை `+05:30` ஆக்கினேன். பிறகுதான் நேரம். கையால் வைப்பதற்குப் பதில், இணையத்திலிருந்து நேரம் வாங்கும் எஸ்.என்.டி.பி. வசதியை இயக்கி, சர்வராக `in.pool.ntp.org` என்று கொடுத்தேன். சோதித்தால் தோல்வி. மெயில் போகிறது, நேரம் வரவில்லை என்பது கொஞ்சம் குழப்பமாக இருந்தது. நேரம் வாங்கும் கோரிக்கை யு.டி.பி. 123 என்ற வாசல் வழியே போகும்; மெயில் போகும் வாசல் வேறு. அவர்களுடைய ரூட்டரில் வெளியே செல்லும் வாசல்களைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று இருந்தது. அதில் 123-ஐச் சேர்த்ததும் அடுத்த நொடியே தேதியும் மணியும் சரியாயின. மண்டலத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இணையத்திலிருந்து வருவது கிரீன்விச் நேரம். மண்டலம் பூஜ்யமாக இருந்தால் பேனலில் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கித் தெரியும். யாராவது அதைப் பார்த்துவிட்டுக் கையால் ‘திருத்தி’ மீண்டும் கெடுப்பார்கள்.

இத்தோடு விட்டிருக்கலாம். பேட்டரி செத்திருந்தாலும், காலையில் சுவிட்சைப் போட்டதும் இயந்திரம் நேரத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால், ரூட்டர் எழுந்து இணையம் கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. இயந்திரம் முதலில் கேட்கும்போது பதில் வராவிட்டால், அடுத்து எப்போது கேட்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். அந்த இடைவெளியில் அனுப்பும் ஸ்கேன் மறுபடியும் 2000-க்குப் போய்விடும். எனவே பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினேன். அது கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பதால், பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள மெக்கானிக்தான் வந்து மாற்றினார். சோதனைக்கு, இரவு மெயின் சுவிட்சை வழக்கம்போல அணைக்கச் சொன்னேன்; மறுநாள் காலை ரூட்டரின் இணைய கம்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைப் போட்டுப் பேனலைப் பார்க்கச் சொன்னேன். தேதி நின்றது. கம்பியை மாட்டி அனுப்பிய ஸ்கேனின் `Date` வரியும் `Received` வரியும் சில நொடி வித்தியாசத்தில் ஒத்துப்போயின. முடிவில் `+0530` இருந்தது.

இந்த ஒருவர் மட்டும்தானா என்ற கேள்வி என்னை விடவில்லை. தண்டர்பேர்டை மூடிவிட்டு, கணக்கின் கோப்பகத்தில் உள்ள `Inbox` கோப்பை வேறிடத்துக்கு நகலெடுத்தேன். பெயருக்குப் பின்னால் `.msf` என்று முடிவது அட்டவணை, அது வேண்டாம். நகலின் மேல் இந்தச் சிறு பைத்தான் புரோகிராமை ஓட்டினேன்:

```python
import mailbox
from email.utils import parsedate_to_datetime as when

for m in mailbox.mbox("Inbox-copy"):
    try:
        sent = when(m["Date"])
        got = when(m.get_all("Received")[0].rsplit(";", 1)[1])
        hours = (sent - got).total_seconds() / 3600
    except (TypeError, ValueError, IndexError):
        continue
    if abs(hours) > 2:
        print(round(hours, 1), m["From"], m["Subject"])
```

ஒவ்வொரு கடிதத்திலும், எழுதிய தேதிக்கும் நம் சர்வர் வாங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியை இது மணிக்கணக்கில் சொல்லும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் அச்சிடும். தேதியைப் படிக்க முடியாதவற்றைத் தாண்டிவிடும். தமிழில் எழுதிய தலைப்பு, குறியீடாக மாற்றப்பட்ட நிலையிலேயே தெரியும். அனுப்புநரின் முகவரி தெரிந்தால் போதும்.

வரும் எண்ணின் முன்குறியைக் கவனிக்க வேண்டும். கூட்டல் என்றால் எதிர்காலத் தேதி. எந்தக் கடிதமும் எழுதப்படுவதற்கு முன் வந்து சேர முடியாது, ஆகவே தவறு கடிகாரத்தில்தான். கழித்தல் என்றால் உடனே முடிவுகட்டக் கூடாது. சர்வர் பதில் தராமல் கடிதம் வழியில் காத்திருந்திருக்கலாம். அனுப்பும் சர்வர்கள் நாட்கணக்கில் மறுபடி மறுபடி முயலும். அப்படித் தாமதித்திருந்தால், இடையில் உள்ள `Received` வரிகளில் இரண்டு அடுத்தடுத்த நேரங்களுக்கு நடுவே பெரிய இடைவெளி தெரியும். `Date`-க்கும் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள `Received`-க்கும் நடுவிலேயே இடைவெளி இருந்தால் அனுப்புநரின் கருவியைப் பார்க்க வேண்டும். கணினியாக இருந்தால், கடிதம் இணையம் இல்லாமல் அனுப்பும் பெட்டியில் கிடந்ததா என்றும் கேட்க வேண்டும். எங்கள் பட்டியலில் ஒரு முகவரி மட்டும் திரும்பத் திரும்ப 5.5 என்று வந்தது. வேறொரு வாடிக்கையாளரின் கணினி. நேர மண்டலம் கிரீன்விச்சில் நின்றிருந்தது, மணியைக் கையால் வைத்திருந்தார்கள். தொலைபேசியிலேயே சரிசெய்துவிட்டோம்.

பழைய மெயில்களின் தேதியைத் திருத்திவிடலாமா என்று ஊழியர் கேட்டார். திருத்த வழிகள் உண்டு, நான் செய்யவில்லை. கடிதம் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு அனுப்பும் சர்வர் போடும் டி.கே.ஐ.எம். கையொப்பம், பெரும்பாலும் `Date` வரியையும் சேர்த்தே காக்கிறது. தேதியைத் தொட்டால் கையொப்பம் செல்லாது. தணிக்கைக்கு வந்த ஆவணத்தில் அப்படிக் கைவைப்பது சரியில்லை. நம் சர்வரின் `Received` வரி, அது எப்போது வந்தது என்பதற்குப் போதுமான சாட்சி.

ஆனால், அந்த மெயில்களை இன்பாக்ஸிலேயே விட்டுவைக்கவும் இல்லை. எங்கள் இன்பாக்ஸின் `Properties` பகுதியில், `Retention Policy` என்ற இடத்தில், இத்தனை நாளுக்கு மேல் பழையதானால் அழிக்கவும் என்று யாரோ முன்பு வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். 2000-ஆம் ஆண்டு மெயில் வந்த அன்றே பழையதாகிவிடும். பார்த்தபோது அந்தக் கட்டளை இயக்கப்படவில்லை, நல்ல வேளை. ஆண்டுவாரியாகச் சேமிக்கும் `Archive` பொத்தானிலும் இதே சிக்கல் உண்டு. அதை அழுத்தினால் இந்த பில்கள் `2000` என்ற ஃபோல்டருக்குள் போய்விடும், 2025-இல் தேடுபவருக்குக் கிடைக்காது. எனவே, அவற்றை அந்த வாடிக்கையாளரின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து கையால் நகர்த்தினேன். அதற்கும் `Received` வரிசையை வைத்து, பிழையான தேதி கொண்டவற்றுக்கு ஒரு வண்ணக் குறியும் போட்டேன். ஆண்டு முடிவில் கோப்புகளைச் சேமிக்கும் ஊழியர், அந்த வண்ணம் உள்ளவற்றுக்கு `Archive` பொத்தானைப் பயன்படுத்தாமல், சரியான ஆண்டு ஃபோல்டரில் தானே இழுத்துப் போடுவார்.